விடுபட்ட நீளத்தைக் காணும் முன்: வடிவொத்த முக்கோணங்களில் ஒத்த பக்கங்களைக் கண்டறிதல்

வடிவொத்த முக்கோணங்களுக்கான ஒரு பயிற்சித்தாளை எடுத்துப் பார்த்தால், அதிலுள்ள கணக்குகளில் பெரும்பாலானவை ஒரே அமைப்பில் இருப்பதைக் காணலாம். இரண்டு முக்கோணங்கள் வரையப்பட்டிருக்கும். சில பக்கங்களுக்கு நீளம் தரப்பட்டிருக்கும். ஓரிரு பக்கங்களின் அருகில் x, y என்று எழுதியிருக்கும். அந்த x-இன் மதிப்பைக் காண ஒரு பெருக்கலோ ஒரு வகுத்தலோ போதும். அந்தப் பெருக்கலில் தவறுபவர்கள் குறைவு. அதற்கு முன்பே, ஒரு முக்கோணத்தின் எந்தப் பக்கத்தை மற்றதன் எந்தப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. எனவே இந்தக் கட்டுரை அந்த ஒரு படிநிலையையே நிதானமாக விளக்குகிறது.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு முக்கோணங்களின் கோணங்கள் முறையே சமமாகவும், அவற்றின் ஒத்த பக்கங்கள் ஒரே விகிதத்திலும் இருந்தால் அவை வடிவொத்த முக்கோணங்கள் எனப்படும். ஒரு படத்தை ஜெராக்ஸ் இயந்திரத்தில் 150 சதவீதமாகப் பெரிதாக்கினால், ஒவ்வொரு கோட்டின் நீளமும் 1.5 மடங்காகும், ஆனால் எந்தக் கோணமும் மாறாது. வடிவொப்புமை என்பது இதுதான். இங்கே 1.5 என்னும் எண்ணே அளவு காரணி. அளவு காரணிக்கு ஒரு திசை உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். சிறிய முக்கோணத்திலிருந்து பெரியதற்குச் செல்லும்போது அளவு காரணி 3/2 என்றால், பெரியதிலிருந்து சிறியதற்குத் திரும்பும்போது அது 2/3 ஆகும். ஆகவே "அளவு காரணி 3/2" என்று மட்டும் எழுதாமல், எதிலிருந்து எதற்கு என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் மிகவும் நல்லது.

முக்கோணங்களுக்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. ஒரு சதுரத்திலும் ஒரு நீண்ட செவ்வகத்திலும் எல்லாக் கோணங்களும் 90° தான். ஆனாலும் அவை வடிவொத்தவை அல்ல. நாற்கரங்களில் கோணங்கள் சமமாக இருப்பது மட்டும் போதாது. முக்கோணங்களில் அது போதும்: கோணங்கள் சமம் என்றாலே பக்கங்கள் தாமாகவே ஒரே விகிதத்தில் அமைந்துவிடும். மேலும், மூன்று கோணங்களின் கூடுதல் 180° என்பதால், இரண்டு கோணங்கள் சமமென்று தெரிந்தாலே மூன்றாவதும் சமமாகிவிடும். பாடப்புத்தகங்களில் கோ-கோ விதிமுறை என்று சொல்லப்படுவது இதுவே. பயிற்சித்தாளில் வரும் கணக்குகளில் பெரும்பகுதி இந்த விதிமுறையைக் கொண்டே தொடங்கும்.

இப்போது ஒரு கணக்கை முழுமையாகச் செய்து பார்ப்போம். தாளின் இடப்பக்கத்தில் ABC என்ற முக்கோணம் இருக்கிறது. அதில் AB = 8 செ.மீ., BC = 12 செ.மீ., CA = 10 செ.மீ. A முனையில் 83° என்றும் B முனையில் 56° என்றும் முழுப் பாகைக்குத் திருத்தமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வலப்பக்கத்தில் PQR என்ற முக்கோணம் சற்றே சாய்ந்தும் திருப்பியும் வரையப்பட்டிருக்கிறது. அதில் R முனையில் 83°, P முனையில் 41°; QR = 12 செ.மீ. என்று மட்டும் தரப்பட்டுள்ளது. PQ, PR ஆகிய இரண்டையும் காண வேண்டும்.

தரப்பட்ட கோணங்களைப் பார்த்தால் 83° மட்டுமே இரண்டு படங்களிலும் இருக்கிறது. 56° ஒன்றிலும் 41° மற்றொன்றிலும் இருப்பதால், இவை வடிவொத்தவை அல்லவோ என்ற ஐயம் எழலாம். ஆனால் விடுபட்ட மூன்றாவது கோணத்தைக் கணக்கிட்டால் ஐயம் தீரும். முதல் முக்கோணத்தில் C = 180° − 83° − 56° = 41°. இரண்டாவது முக்கோணத்தில் Q = 180° − 83° − 41° = 56°. ஆக, இரண்டிலும் 83°, 56°, 41° என்ற அதே மூன்று கோணங்களே உள்ளன. இவை வடிவொத்த முக்கோணங்கள்.

அடுத்ததே முக்கியமான படி. ஒரே கோணம் உள்ள முனைகளைச் சேர்த்து எழுதுகிறோம்: 83° உள்ள A-க்கு ஒத்த முனை R, 56° உள்ள B-க்கு ஒத்த முனை Q, 41° உள்ள C-க்கு ஒத்த முனை P. இதே வரிசையில் வடிவொப்புமையைக் குறியீடாக எழுத வேண்டும்:

△ABC ~ △RQP

இரண்டாவது முக்கோணத்தின் பெயர் PQR என்றுதான் தாளில் இருக்கிறது. ஆயினும் நாம் அதை RQP என்று எழுதுகிறோம், ஏனெனில் இந்தக் குறியீட்டில் எழுத்துகளின் வரிசையே ஒத்த முனைகளைச் சொல்கிறது. வரிசை சரியாக இருந்தால் அதற்குப் பிறகு படத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முதல் இரண்டு எழுத்துகளை எடுத்தால் AB-க்கு ஒத்த பக்கம் RQ. கடைசி இரண்டை எடுத்தால் BC-க்கு ஒத்த பக்கம் QP. முதலும் கடைசியும் சேர்ந்தால் AC-க்கு ஒத்த பக்கம் RP. ஆகவே

RQ/AB = QP/BC = RP/AC

மூன்று பின்னங்களிலும் மேலே இருப்பவை ஒரே முக்கோணத்தின் பக்கங்கள், கீழே இருப்பவை மற்றதன் பக்கங்கள். இந்த ஒழுங்கு எங்கும் மாறக்கூடாது. இரண்டு நீளங்களும் தெரிந்த ஜோடி RQ-வும் AB-யும் மட்டுமே; அதிலிருந்து அளவு காரணி 12/8 = 3/2 என்று கிடைக்கிறது. இது ABC-யிலிருந்து RQP-க்குச் செல்லும் அளவு காரணி. எனவே QP = 12 × 3/2 = 18 செ.மீ.; RP = 10 × 3/2 = 15 செ.மீ. சரிபார்ப்பதற்குச் சுற்றளவையும் பயன்படுத்தலாம்: முதல் முக்கோணத்தின் சுற்றளவு 30 செ.மீ., இரண்டாவதன் சுற்றளவு 45 செ.மீ.; இதுவும் 3/2 மடங்கே. பரப்பளவு மட்டும் இந்த மடங்கில் மாறாது; அது அளவு காரணியின் வர்க்கமான 9/4 மடங்காகும்.

இந்தக் கணக்கில் வேண்டுமென்றே ஒரு பொறி வைக்கப்பட்டிருக்கிறது. BC, QR இரண்டும் 12 செ.மீ. அகரவரிசையை நம்பி △ABC ~ △PQR என்று எழுதிவிட்டால், BC-க்கு ஒத்த பக்கம் QR ஆகிவிடும்; அளவு காரணி 1 என்று வரும்; இரண்டும் சர்வசம முக்கோணங்கள் என்று முடிவு செய்து PQ = 8, PR = 10 என விடை எழுதத் தோன்றும். எண்கள் அழகாகப் பொருந்துவதால் தவறு கண்ணில் படாது. அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எந்த முக்கோணத்திலும் மிகப் பெரிய கோணத்துக்கு எதிரே மிக நீண்ட பக்கமும், மிகச் சிறிய கோணத்துக்கு எதிரே மிகக் குறுகிய பக்கமும் இருக்கும். PQR-இல் மிகச் சிறிய கோணமான 41° P முனையில் இருக்கிறது. அதற்கு எதிரே உள்ள QR-தான் அந்த முக்கோணத்தின் மிகக் குறுகிய பக்கமாக இருக்க வேண்டும். தவறான விடையிலோ QR மிக நீண்ட பக்கமாக வந்திருக்கிறது. இந்த முரண்பாடு ஒன்றே பொருத்தம் பிழையானது என்பதைக் காட்டிவிடும். சரியான விடையில் மூன்று பக்கங்களும் 12, 15, 18 என்று வருவதால், QR உரிய இடத்தில் இருக்கிறது.

இன்னொரு வகைத் தவறும் தொடக்க நிலையில் அடிக்கடி நேர்கிறது. பொருத்தத்தைச் சரியாகச் செய்த பிறகு, "8 என்பது 12 ஆகியிருக்கிறது, அதாவது 4 கூடியிருக்கிறது, ஆகவே மற்ற பக்கங்களுக்கும் 4 கூட்டலாம்" என்று நினைத்து 10-ஐ 14 ஆகவும் 12-ஐ 16 ஆகவும் எழுதுகிறார்கள். இது ஏன் செல்லாது என்பதை வெறும் விதியாகச் சொல்வதைவிட வரைந்து காட்டுவது மேல். 12, 14, 16 செ.மீ. பக்கங்கள் கொண்ட முக்கோணத்தைக் கவராயத்தால் வரைந்து, மிகப் பெரிய கோணத்தைக் கோணமானியால் அளந்தால் சுமார் 75.5° என்று வரும். நமக்கு வேண்டியதோ 83°. சமமான நீளத்தைக் கூட்டும்போது குறுகிய பக்கம் தன் அளவுக்கு மிகுதியாகவும் நீண்ட பக்கம் தன் அளவுக்குக் குறைவாகவும் வளர்வதால் முக்கோணத்தின் வடிவமே மாறிவிடுகிறது. வடிவம் மாறாமல் இருக்கப் பெருக்க வேண்டும்.

சில கணக்குகளில் கோணங்களே தரப்படாமல், இரண்டு முக்கோணங்களின் மூன்று பக்கங்களும் தரப்பட்டு, அவை வடிவொத்தவையா என்று கேட்கப்பட்டிருக்கும். அப்போது ஒவ்வொரு முக்கோணத்தின் பக்கங்களையும் ஏறுவரிசையில் எழுதி, குறுகியதைக் குறுகியதோடும், இடைப்பட்டதை இடைப்பட்டதோடும், நீண்டதை நீண்டதோடும் வகுத்துப் பார்த்தால் போதும். மூன்று ஈவுகளும் சமமாக இருந்தால் மட்டுமே அவை வடிவொத்தவை. அலகுகள் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை வகுப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், ஒன்றில் மி.மீ., மற்றொன்றில் செ.மீ. என்று கொடுத்திருப்பார்கள்.

இனி, ஒரு முக்கோணத்துக்குள் மற்றொன்று அடங்கியிருக்கும் படத்துக்கு வருவோம். என் கருத்தில், தனித்தனியாக வரையப்பட்ட முக்கோணங்களைவிட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். LMN என்ற பெரிய முக்கோணத்தில் LM-இன் மேல் D என்ற புள்ளியும், LN-இன் மேல் E என்ற புள்ளியும் உள்ளன; DE என்ற கோடு MN-க்கு இணையானது என்று அம்புக்குறிகள் காட்டுகின்றன. LD = 6, DM = 3, DE = 8, LE = 5, எல்லாம் செ.மீ. MN, EN ஆகியவற்றைக் காண வேண்டும்.

இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, இரண்டு முக்கோணங்களையும் தாளின் ஓரத்தில் தனித்தனியே மீண்டும் வரைவது. சிறியது LDE, பெரியது LMN. L என்ற கோணம் இரண்டுக்கும் பொது. DE-யும் MN-உம் இணையாக இருப்பதால் D முனையிலுள்ள கோணமும் M முனையிலுள்ள கோணமும் சமம். எனவே △LDE ~ △LMN. தனியாக வரைந்து நீளங்களை எழுதும்போது ஓர் உண்மை தானாகவே வெளிப்படும்: பெரிய முக்கோணத்தின் பக்கம் LM; அதன் நீளம் 6 + 3 = 9. DM என்ற 3 செ.மீ. துண்டு இந்த இரண்டு முக்கோணங்களில் எதற்கும் பக்கம் அன்று. அதற்குத் தனிப்படத்தில் இடமே கிடைக்காது. ஆகவே சிறியதிலிருந்து பெரியதற்கு அளவு காரணி 9/6 = 3/2; MN = 8 × 3/2 = 12 செ.மீ.; LN = 5 × 3/2 = 7.5 செ.மீ.; EN = 7.5 − 5 = 2.5 செ.மீ.

தனியாக வரையாதவர்கள் LD/DM = DE/MN என்று எழுதிவிடுகிறார்கள். அதன்படி 6/3 = 8/MN, அதாவது MN = 4 என்று வரும். பெரிய முக்கோணத்தின் பக்கம் சிறியதன் ஒத்த பக்கத்தைவிடக் குறுகியதாக இருக்க முடியாது என்பதால் இந்த விடை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால் இந்தச் சோதனை எப்போதும் உதவாது. LD = 3, DM = 6, LE = 7 என்று எண்களை மாற்றிக் கொடுத்திருந்தால், தவறான வழியில் MN = 16 என்று வரும்; 8-ஐவிட அது பெரியதுதான் என்பதால் ஐயமே எழாது; சரியான விடையோ 24. ஆகவே விடையைப் பார்த்துத் தவறைப் பிடிக்கலாம் என்று இருக்காமல், தொடக்கத்திலேயே முழுப் பக்கத்தை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

குழப்பத்துக்கு ஒரு நியாயமான காரணமும் இருக்கிறது. அடிப்படை விகிதசமத் தேற்றம் LD/DM = LE/EN என்றுதான் சொல்கிறது; நம் கணக்கிலும் 6/3 = 2, 5/2.5 = 2 என்று அது சரியாகவே அமைகிறது. அந்தத் தேற்றம் சாய்ந்த இரண்டு பக்கங்கள் எப்படித் துண்டாகின்றன என்பதை மட்டுமே பேசுகிறது. DE, MN என்ற இணைகோடுகளின் நீளம் கணக்கில் வந்தவுடன், துண்டுகளை விட்டுவிட்டு முழுப் பக்கங்களுக்கு மாற வேண்டும். இன்னொன்றும் கவனத்துக்குரியது: அளவு காரணியைப் பின்னமாகவே வைத்துக்கொள்வது நல்லது. மேலுள்ள கணக்கில் பெரியதிலிருந்து சிறியதற்கான 2/3-ஐ 0.67 என்று எழுதி 8-ஐ அதனால் வகுத்தால் 12-க்குப் பதிலாக 11.94 கிடைக்கும்.

இதே படத்தில் அம்புக்குறிகளை நீக்கிவிட்டு, D முனையிலுள்ள LDE என்ற கோணத்துக்கும் N முனையிலுள்ள LNM என்ற கோணத்துக்கும் ஒரே வில் குறியிட்டிருந்தால் கணக்கு வேறாகிவிடும். நீளங்கள் அப்படியே இருக்கட்டும். L இப்போதும் பொதுவான கோணம்தான். ஆனால் D-க்கு ஒத்த முனை M அன்று, N. எனவே △LDE ~ △LNM. LD-க்கு ஒத்த பக்கம் LN. LE-க்கு ஒத்த பக்கம் LM. இரண்டு நீளங்களும் தெரிந்த ஜோடி LE-யும் LM-உம். அளவு காரணி 9/5. அதன்படி MN = 8 × 9/5 = 14.4 செ.மீ.; LN = 6 × 9/5 = 10.8 செ.மீ. எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. கோணக் குறி ஒன்று இடம் மாறியதால் MN 12-இலிருந்து 14.4 ஆகிவிட்டது. அம்புக்குறியும் இல்லை, சமகோணக் குறியும் இல்லை என்றால், கோடுகள் கண்ணுக்கு இணையாகத் தெரிந்தாலும் எதையும் முடிவு செய்யக்கூடாது. பயிற்சித்தாள்களில் படங்கள் அளவுத்திட்டப்படி வரையப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அளவுகோலால் படத்தை அளந்து விடை எழுதுவதும் இதே காரணத்தால் பயனற்றது.

கடைசியாக, ஒரே படத்தில் மூன்று வடிவொத்த முக்கோணங்கள் மறைந்திருக்கும் செங்கோண முக்கோணத்தைப் பார்ப்போம். STU-வில் S முனையில் செங்கோணம்; ST = 15, SU = 20, கர்ணம் TU = 25 செ.மீ. S-இலிருந்து TU-க்கு வரைந்த செங்குத்துக்கோடு TU-வை F-இல் சந்திக்கிறது. SF, TF, FU ஆகிய மூன்றையும் காண வேண்டும். இங்கே படம் நெருக்கமாக இருப்பதால் பக்கங்களைப் பார்த்துப் பொருத்த முயல்வது வீண். கோணங்களிலிருந்து தொடங்க வேண்டும். முழு முக்கோணத்திலும் T முனையைக் கொண்ட சிறு முக்கோணத்திலும் ஒரு செங்கோணமும் T என்ற கோணமும் பொதுவாக உள்ளன. U முனையைக் கொண்ட மற்ற சிறு முக்கோணத்துக்கும் முழு முக்கோணத்துக்கும் ஒரு செங்கோணமும் U என்ற கோணமும் பொது. ஒவ்வொரு முறையும் செங்கோண முனையை முதலில், T-க்குச் சமமான கோணத்தை இரண்டாவதாக, U-க்குச் சமமான கோணத்தை மூன்றாவதாக எழுதினால் இப்படி அமையும்:

△STU ~ △FTS ~ △FSU

செங்கோண முக்கோணங்களில் கர்ணத்துக்கு ஒத்தது கர்ணமே என்பதால், அளவு காரணியை அதிலிருந்தே எடுப்பது எளிது. முழு முக்கோணத்தின் கர்ணம் 25; FTS-இன் கர்ணம் TS = 15. ஆகவே STU-விலிருந்து FTS-க்கு அளவு காரணி 15/25 = 3/5. அதன்படி FT = 15 × 3/5 = 9 செ.மீ.; FS = 20 × 3/5 = 12 செ.மீ. ST என்ற ஒரே கோடு முழு முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய பக்கமாகவும், சிறு முக்கோணத்தில் கர்ணமாகவும் வருகிறது என்பதைக் கவனியுங்கள். இந்தப் படம் கடினமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. மூன்றையும் தனித்தனியே வரைந்து, செங்கோணத்தை ஒரே மூலையில் வைத்துக்கொண்டால் அந்தக் கடினம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

அடுத்து FSU-வின் கர்ணம் SU = 20; முழு முக்கோணத்திலிருந்து அளவு காரணி 20/25 = 4/5. இதிலிருந்து FS = 15 × 4/5 = 12 செ.மீ.; FU = 20 × 4/5 = 16 செ.மீ. SF என்ற கோடு இரண்டு சிறு முக்கோணங்களுக்கும் பொதுவானது. இரண்டு வெவ்வேறு அளவு காரணிகளிலிருந்தும் அதற்கு 12 என்ற அதே நீளம் கிடைத்திருக்கிறது. TF, FU ஆகியவற்றின் கூடுதலும் 9 + 16 = 25 என்று கர்ணத்துக்குச் சமமாகிறது. முனைகளின் வரிசையில் ஒன்று பிசகி △STU ~ △FST என்று எழுதியிருந்தால், FS = 9, FT = 12 என்று வந்திருக்கும்; அப்போது 12 + 16 = 28 என்று கர்ணத்தைத் தாண்டிவிடுவதால், பிழை வரிசையில் இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.